ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது? வீட்டுக் கரண்ட் பில்லை வைத்து எலக்ட்ரிக் கார் செலவைக் கணக்குப் போடும் முறை

பெருந்துறையில் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில் ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தது. தன்னுடைய எலக்ட்ரிக் கார் கிலோமீட்டருக்கு 35 பைசாவில் ஓடுகிறது என்று என் மச்சான் சொன்னார். பக்கத்து மேசையில் பன் பட்டர் ஜாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, அதே கார்தான் என்கிட்டயும் இருக்குதுங்க. எனக்கு ஒன்னேகால் ரூவாய்க்கு மேல வருதே?" என்றார். கார் ஒன்றுதான், ஓடும் ரோடும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்?

வித்தியாசம் காரில் இல்லை, கரண்ட் பில்லில் இருக்கிறது. ஈபி ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரே விலை வாங்குவதில்லை. வீடு எத்தனை யூனிட் இழுக்கிறதோ அதற்கு மேல்தான் காரின் யூனிட்டுகள் போய் உட்காருகின்றன. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் ஸ்லாப் பட்டியலில் இருப்பதிலேயே குறைந்த 2 ரூபாய் 35 காசை எடுத்து மச்சான் பெருக்கிவிட்டார். மற்றவர் பில்லையே பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கும் எடுக்க யோசிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு பேனாவும் பழைய பில்லும் இருந்தால் போதும்.

முதல் படி: இரண்டு மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர்

நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். ஆகவே கணக்கும் இரண்டு மாதத்துக்குத்தான் போட வேண்டும். இந்த இடத்திலேயே பலர் தவறிவிடுகிறார்கள். கார் மாதம் 150 யூனிட் இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்த 150-ஐ இரண்டு மாத ஸ்லாப் பட்டியலில் பொருத்திப் பார்க்கிறார்கள். விலை பாதிகூட வராது. மனசுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பில் வேறு சொல்லும்.

நான் ஈரோட்டுக்கு வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 32 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டு மாதத்தில் 50 வேலை நாள் என்றால் 1,600. ஞாயிற்றுக்கிழமை கோயில், தங்கச்சி வீடு, சந்தை, கல்யாணம் என்று இன்னொரு 400. மொத்தம் 2,000 கிலோமீட்டர். தினமும் போய்வரும் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள். இப்போது பெட்ரோல் வண்டி வைத்திருந்தால் ஓடோமீட்டரை இன்று ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை எழுதி வைத்து, வந்த தூரத்தை இரண்டால் பெருக்கினால் போதும். நாம் நினைத்திருப்பதைவிடக் கூடுதலாகத்தான் பெரும்பாலும் வரும்.

இரண்டாம் படி: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்

காரின் திரையில் கிலோமீட்டருக்கு இத்தனை வாட் ஹவர் என்று ஒரு எண் காட்டும். என் வண்டியில் சராசரி 132 வருகிறது. 1,000 வாட் ஹவர்தான் ஒரு யூனிட். ஆகவே கிலோமீட்டருக்கு 0.132 யூனிட். ஆனால் இது பேட்டரியிலிருந்து வெளியே போன கரண்ட் மட்டும்தான். சுவரில் உள்ள பாயின்டிலிருந்து பேட்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. வயர், சார்ஜர், ஏசி கரண்ட்டை டிசி ஆக்கும் காருக்குள் இருக்கும் கருவி என்று எல்லாமே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நாம் பணம் கட்டுவது சுவரிலிருந்து போன யூனிட்டுக்கு. அதனால் திரையில் வரும் எண்ணை நேரடியாக எடுத்துக்கொண்டால் கணக்கு குறைவாகத்தான் வரும்.

இந்த நஷ்டத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். சார்ஜர் லைனுக்கு மட்டும் ஒரு சப் மீட்டர் போட்டுவிட்டால் வேலை சுலபம், எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவார். சப் மீட்டர் இல்லாதபோது நான் இப்படிச் செய்தேன். ஒரு ராத்திரி பத்து மணிக்கு ஈபி மீட்டர் முன்னால் போய் நின்றேன். டிஜிட்டல் மீட்டரில் தேதி, மணி, லோடு என்று எண்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் kWh என்று வரும்போது தெரியும் எண்தான் நமக்கு வேண்டியது. 18,412.6 என்று இருந்தது. காரில் சார்ஜ் 30 சதவீதம். சார்ஜரை மாட்டிவிட்டுப் படுத்தேன். காலை ஐந்து மணிக்கு மீட்டரில் 18,433.4, காரில் 82 சதவீதம்.

ஆக ஏழு மணி நேரத்தில் போனது 20.8 யூனிட். இதில் ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் சேர்ந்திருக்கிறது. மறுநாள் கார் சார்ஜ் போடாமல் அதே பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் ரீடிங் எடுத்தேன். 3.1 யூனிட். கழித்தால் காருக்குப் போனது 17.7. என்னுடையது 30 யூனிட் பேட்டரி. 52 சதவீதம் ஏறியது என்றால் உள்ளே சேர்ந்தது 15.6 யூனிட். 17.7 கொடுத்து 15.6 கிடைத்திருக்கிறது, அதாவது சுமார் 12 சதவீதம் வழியிலேயே போய்விட்டது. பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் வந்தால் சரிதான். இருபதைத் தாண்டினால் முதலில் அளவெடுத்ததில் தவறு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ராத்திரி மோட்டார் ஓடியிருக்கலாம், ஹீட்டர் போட்டிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் சார்ஜ் ஏறி அரை மணி நேரம் கழித்து பிளக் மேலே கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டோ வயர் இணைப்போ சரியில்லை. அது செலவுக் கணக்கைவிடப் பெரிய விஷயம். சார்ஜை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, 0.132-ஐ 0.88-ஆல் வகுத்தால் 0.15. கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து 0.15 யூனிட். 2,000 கிலோமீட்டருக்கு 300 யூனிட். இதுதான் என் காரின் இரண்டு மாதக் கணக்கு.

இன்னும் வண்டி எடுக்காதவர்கள் பேட்டரி அளவை நிஜமாக ஓடும் தூரத்தால் வகுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம், அது சோதனைக்கூடத்தில் கிடைத்த தூரம். அதே வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் "நூத்துல இருந்து பத்து வரைக்கும் எத்தன கிலோமீட்டர் ஓடுதுங்க?" என்று கேளுங்கள். அவர் 205 என்று சொன்னால் 30-ல் 90 சதவீதம் 27 யூனிட். 27-ஐ 205-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அதே 0.132 வரும். அதற்கு மேல் சார்ஜிங் நஷ்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் நம் பக்கத்துக்கே உரியது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் தொடங்கி எங்கள் பக்கம் வரைக்கும் அடிக்கும். அந்த நாட்களில் ஈரோட்டுக்குப் போகும்போது திரையில் வரும் எண் நன்றாகக் குறைந்திருக்கும், சாயங்காலம் மேற்குப் பார்த்துத் திரும்பும்போது அதே ரோட்டில் ஏறிவிடும். போகும் வழியை மட்டும் அளந்து முடிவு கட்டக் கூடாது. ஒரு வாரம், போக வர இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுங்கள். அதேபோல ஊட்டிக்குப் போய்வந்த நாளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது வண்டியின் எடையைத் தூக்கிக்கொண்டு போவதற்கே ஏழெட்டு யூனிட் போய்விடும். இறங்கும்போது அதில் ஒரு பங்குதான் திரும்பி வரும்.

மூன்றாம் படி: பில்லை இரண்டு தடவை போடுங்கள்

முழுக் கணக்கும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கார் இல்லாமல் வீட்டுக்கு எவ்வளவு பில் வரும், கார் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் காரின் கரண்ட் செலவு.

2024 ஜூலையில் வீட்டு இணைப்புக்கு வந்த விலையை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய் விலை கிடைக்காது. 101 முதல் 400 வரைக்கும் 4.70 ஆகிவிடும், 401 முதல் 500 வரை 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. நீங்கள் இதைப் படிக்கும்போது விலை மாறியிருந்தால் உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை இதேதான்.

எங்கள் வீட்டில் கார் வருவதற்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகும். முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு 235 ரூபாய். மிச்சம் 180 யூனிட், 4.70 வீதம் 846. மொத்தம் 1,081 ரூபாய்.

கார் சேர்ந்தால் 380-உம் 300-உம் 680 யூனிட். இப்போது 500-ஐத் தாண்டிவிட்டோம். முதல் 100 இலவசம், அடுத்த 300-க்கு 1,410, அதற்கடுத்த 100-க்கு 630, இன்னொரு 100-க்கு 840, கடைசி 80-க்கு 9.45 வீதம் 756. கூட்டினால் 3,636 ரூபாய்.

வித்தியாசம் 2,555 ரூபாய். 2,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 28 காசு.

ஆரம்பத்தில் நான் 3,636-ஐ 680-ஆல் வகுத்து, யூனிட் 5.35 ரூபாய்தான் என்று எடுத்துக்கொண்டேன். அப்படிப் போட்டால் கிலோமீட்டருக்கு 80 பைசா வரும். பல பேர் இப்படித்தான் போடுகிறார்கள், பார்ப்பதற்குச் சரியாகவும் தெரியும். ஆனால் இலவச 100 யூனிட்டும் மலிவான யூனிட்டுகளும் கார் வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தவை. அந்தச் சலுகையில் காருக்குப் பங்கு கொடுத்தால் வீட்டுச் செலவு ஏறியதாகவும் காரின் செலவு குறைந்ததாகவும் ஆகிவிடும். என் பில்லில் கூடுதலாக வந்தது 2,555 ரூபாய். அது முழுக்கக் காருக்காக வந்தது. யூனிட்டுக்குப் பார்த்தால் 8.52 ரூபாய்.

கூட்டிக் கழிக்கச் சிரமமாக இருந்தால் கூகுள் ஷீட்டில் A1 கட்டத்தில் யூனிட்டைப் போட்டு, B1 கட்டத்தில் இதை ஒட்டுங்கள்.

```
=IF(A1<=500,
 MAX(0,MIN(A1,200)-100)*2.35
 +MAX(0,MIN(A1,400)-200)*4.7
 +MAX(0,A1-400)*6.3,
 2040+(MIN(A1,600)-500)*8.4
 +MAX(0,MIN(A1,800)-600)*9.45
 +MAX(0,MIN(A1,1000)-800)*10.5
 +MAX(0,A1-1000)*11.55)
```

380 போட்டால் 1,081, 680 போட்டால் 3,636 வர வேண்டும். வந்தால் சரியாக ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு உங்கள் வீட்டு யூனிட்டைப் போட்டுப் பாருங்கள்.

ஒரே கார், மூன்று பில்

என் மச்சான் வீட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அவர்கள் இருவர்தான், ஏசி கிடையாது, இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்டுக்கு மேல் போவதில்லை. கார் இல்லாமல் பில் 117 ரூபாய் 50 காசு. காரின் 300 சேர்ந்தால் 450 யூனிட், பில் 1,490. வித்தியாசம் 1,372 ரூபாய் 50 காசு. கிலோமீட்டருக்கு 69 பைசா. அவர் சொன்ன 35 பைசா இல்லை, ஆனால் எனக்கு வருவதில் பாதிதான். "அப்ப நான் சொன்னதுல பாதி சரிதான மாப்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயைச் சொன்னார்.

இனி கோடையில் எங்கள் வீட்டைப் பாருங்கள். சித்திரை வைகாசியில் இரண்டு அறையில் ஏசி ஓடினால் வீடு மட்டுமே 600 யூனிட் போகிறது. பில் 2,880. கார் சேர்ந்தால் 900 யூனிட், பில் 5,820. வித்தியாசம் 2,940, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 47 காசு. அந்த வெயிலில் காரிலும் ஏசி நிற்காமல் ஓடும் என்பதால் 300 யூனிட்டுக்கு மேலேயும் போகும். ஆகவே "என் கார் கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்று ஒரே எண்ணை வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வருஷத்தில் ஆறு பில் வருகிறது. மீட்டர் பக்கத்தில் இருக்கும் ஈபி அட்டையிலோ பழைய பில்களிலோ கார் வாங்குவதற்கு முந்தைய ஆறு ரீடிங்கையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வித்தியாசம் போட்டுக் கூட்டி, வருஷக் கிலோமீட்டரால் வகுத்தால் வரும் எண்தான் நம்பகமானது.

500 என்ற கோடு

மச்சான் மாதிரி குறைவாகச் செலவாகும் வீடுகள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 490 யூனிட்டில் பில் 1,742 ரூபாய். இருபது யூனிட் கூடி 510 ஆனால் 2,124. இருபது யூனிட்டுக்கு 382 ரூபாய். அதில் 235 ரூபாய் வெறுமனே கோட்டைத் தாண்டியதற்காகப் போவது, 2.35 ரூபாய்க்குக் கிடைத்த 100 யூனிட் 4.70 ஆகிவிடுகிறதே, அதனால். ஆகவே ரீடிங் எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நீங்களே மீட்டரைப் பாருங்கள். போன ரீடிங்கிலிருந்து 480, 490 ஆகியிருந்தால் சார்ஜை முழுக்க ஏற்றாமல் நாளைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் ஏற்றி, ரீடிங் எடுத்த அன்று ராத்திரி நிரப்பிக்கொள்ளலாம். ரீடிங் எடுப்பவர் இரண்டு மூன்று நாள் தள்ளி வந்தாலும் இந்தக் கோடு தாண்டிப்போகும் என்பதையும் மனதில் வையுங்கள். 600, 700 யூனிட் போகும் வீட்டுக்கு இந்த யோசனையால் பயனில்லை. எப்படியும் தாண்டித்தான் ஆக வேண்டும்.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிணற்று மோட்டாருக்கு வந்திருக்கும் இலவச விவசாய இணைப்பில் காரைச் சார்ஜ் போடக் கூடாது. அது பாசனத்துக்கு மட்டும் கொடுத்தது. வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் அபராதம் வரும், இணைப்புக்கே ஆபத்து. கணக்கில் கார் செலவு பூஜ்ஜியம் என்று எழுதிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை நம்பி எதையும் செய்துவிடாதீர்கள். சார்ஜர் லைன் வீட்டு மீட்டரிலிருந்துதான் வர வேண்டும். மோட்டார் ரூம் போர்டு பக்கத்திலேயே இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியே போட்ட சார்ஜ்

வெளியூர் போகும்போது வேகச் சார்ஜரில் போட்டதைத் தனியாக எழுதி வையுங்கள். அதற்கு ஸ்லாப் கிடையாது, போனில் வரும் ரசீதில் யூனிட்டும் பணமும் வரியோடு சேர்த்தே இருக்கும். யூனிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய் வரைக்கும் ஆகிவிடும். இரண்டு மாதத்தில் வீட்டுச் சார்ஜில் 2,000 கிலோமீட்டர் 2,555 ரூபாய்க்கும், மதுரை போய்வந்த வகையில் வெளிச் சார்ஜில் 400 கிலோமீட்டர் 1,150 ரூபாய்க்கும் ஓடியிருந்தால், 3,705-ஐ 2,400-ஆல் வகுத்து 1 ரூபாய் 54 காசு என்று எழுத வேண்டும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரோடு ஒப்பிட, லிட்டர் 100 ரூபாய் என்றால் அதற்கு 6 ரூபாய் 25 காசு. டயர், இன்சூரன்ஸ், பேட்டரி தேய்மானம் எதுவும் இந்த இரண்டு எண்ணிலும் இல்லை.

என் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. ரீடிங் எடுத்த தேதி, மீட்டர் எண், சப் மீட்டர் எண், ஓடோமீட்டர், வெளியே கட்டிய பணம் என்று ஐந்து பத்தி. இரண்டு மாதத்துக்கு ஒரு வரிதான். போன வரியில் கிலோமீட்டருக்கான யூனிட் 0.15-லிருந்து 0.17-க்கு ஏறியிருந்தது. டயரில் காற்றைப் பார்த்தேன், 33 இருக்க வேண்டியது 26-தான் இருந்தது.